பிரஷர் 136/88: குளிசையா, காத்திருப்பதா?

கேள்வி: எனக்கு வயது 44. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. சென்ற மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் பிரஷர் 136/88 என்று எழுதித் தந்தார்கள். இரண்டு நாள் கழித்து பார்மசியில் பார்த்தபோது 132/84. ஒரு வைத்தியர் இது பிரஷர் இல்லை என்கிறார், இன்னொருவர் இருக்கிறது என்கிறார். அப்பாவுக்கு 52 வயதில் பாரிசவாதம் வந்தது. இப்போதே குளிசை தொடங்க வேண்டுமா?
— வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இரு வைத்தியர்களும் பிழையாகச் சொல்லவில்லை, அவர்கள் வெவ்வேறு எல்லைக்கோடுகளை வைத்துப் பேசியிருக்கிறார்கள். இலங்கையில் நாங்கள் பொதுவாக 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உயர் குருதி அமுக்கம் என்கிறோம். அமெரிக்க இதய வைத்தியர்கள் 2017இல் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கினார்கள். ஐரோப்பிய இதயவியலாளர்கள் 2024இல், 140/90ஐ அப்படியே வைத்துக்கொண்டு, மேல் எண் 120 முதல் 139 வரையோ கீழ் எண் 70 முதல் 89 வரையோ இருப்பவர்களைத் தனிப் பிரிவாக்கினார்கள். உங்கள் எண்கள் அந்த இடைப்பகுதியின் மேல் ஓரத்தில் நிற்கின்றன. குருதிக் குழாய்களுக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது; ஏறத்தாழ 115/75இலிருந்தே எண் ஏற ஏற ஆபத்தும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டு போகிறது.

ஆனால் அதற்கு முன் தெளிவாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த இரண்டு அளவீடுகளும் உங்களுடைய உண்மையான அமுக்கம்தானா? பரிசோதனை மேசை முன் வரிசையில் நின்று, அப்போதுதான் தேநீர் குடித்து, கையைத் தொங்கவிட்டபடி, பக்கத்தில் நிற்பவருடன் பேசிக்கொண்டே எடுத்த எண் பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டலாம். இதற்கு எதிர்மாறானதும் நடக்கிறது: வைத்தியர் முன்னால் எல்லைக்குள் நிற்கும் அமுக்கம் வீட்டிலும் வேலையிலும் எல்லையைத் தாண்டியிருக்கும். இதை மறைந்திருக்கும் உயர் குருதி அமுக்கம் என்கிறோம். உங்களைப் போல எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே குளிசையைப் பற்றி முடிவெடுக்க முன், ஒரு வாரம் வீட்டில் அளந்து பாருங்கள்.

மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். மேற்கையில் பட்டி சுற்றும் மின்னணுக் கருவியை வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். பட்டி உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டியைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். முதல் நாள் இரு கைகளிலும் பார்த்துவிட்டு, கூடுதலாகக் காட்டும் கையையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், தேநீருக்கும் காலை உணவுக்கும் முன், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, மேற்கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி கையை மேசை மீது வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பின்பு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். மாலையிலும் அவ்வாறே. 7 நாட்கள் செய்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு, மிச்சம் 24 அளவீடுகளின் சராசரியை எடுங்கள். பிடிக்காத எண் வந்தால் அதை எழுதாமல் மீண்டும் அளக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் அந்தக் கொப்பியால் எனக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை.

வீட்டுச் சராசரிக்கான எல்லை 140/90 அல்ல, 135/85. இதை அறியாததால் பலர் வீட்டில் 137 வந்தும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த 51 வயதான ஆசிரியை ஒருவருக்கு என் அறையில் 134/86 இருந்தது. வாரக் கொப்பியைக் கொண்டுவந்தபோது காலைச் சராசரி 131/83, மாலைச் சராசரி 145/91, மொத்தம் 138/87. காலைக்கும் மாலைக்கும் இடையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று விசாரித்ததில், முழங்கால் வலிக்கு அவர் மாதக்கணக்காக மதிய உணவுக்குப் பின் டைக்ளோபினாக் குளிசை எடுத்துவந்தது தெரிந்தது. அந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்து அமுக்கத்தை ஏற்றக்கூடியவை. அதை நிறுத்தி, முழங்காலுக்குப் பயிற்சி சிகிச்சை தொடங்கி, நான்கு கிழமைக்குப் பின் மறுபடி அளந்தபோது மொத்தச் சராசரி 130/82. பிரஷர் குளிசை அவருக்கு அப்போது தேவைப்படவில்லை. நீங்களும் வழமையாக எடுப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணி, ஸ்டீரொய்ட், மூக்கடைப்புக் குளிசை, நாள்தோறும் குடிக்கும் அதிமதுரம் சேர்ந்த கசாயம். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உங்கள் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால், கொப்பியுடன் வைத்தியரிடம் செல்லுங்கள். அது உயர் குருதி அமுக்கமாகவே கருதப்படும். அதற்குக் கீழே, ஆனால் 120/70க்கு மேல் வந்தால், உங்கள் மொத்த ஆபத்தைக் கணக்கிட வேண்டும். தந்தைக்கு 55 வயதுக்கு முன் பாரிசவாதம் வந்தது அந்தக் கணக்கில் சேரும். வெறும் வயிற்றில் குருதிச் சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், சிறுநீரில் அல்புமின், ஒரு ஈசிஜி ஆகியவை போதும். இவற்றில் நீரிழிவோ சிறுநீரகப் பாதிப்போ தெரிந்தால், அல்லது இதய நோய் முன்பே இருந்தால், 130க்கு மேற்பட்ட மேல் எண்ணுக்கே குளிசை தொடங்குவதை வைத்தியர் யோசிப்பார். அப்படி ஒன்றும் இல்லையெனில் இப்போது குளிசை வேண்டாம். முதலில் மூன்று மாதம் உப்பிலும் உடல் எடையிலும் கவனம் செலுத்துங்கள்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் 'நான் குறைவாகத்தான் சேர்க்கிறேன்' என்று சொல்லாதவர் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம். அந்தக் கணக்கில் 1 கிலோ உப்புப் பைக்கற்று குறைந்தது 50 நாட்கள் நிற்க வேண்டும். வாங்கிய திகதியைப் பைக்கற்றில் எழுதி வையுங்கள். 50 நாளுக்கு முன் தீர்ந்தால் சமையலறையிலேயே எல்லை தாண்டிவிட்டது. அதற்கு மேல் பாண், கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல், அலுவலக இடைவேளையில் ரோல்ஸ், இரவில் கடைக் கொத்து ரொட்டி என்று கணக்கில் வராமல் வரும் உப்பு வேறு. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு உதவலாம். ஆனால் கிரியற்றினின் முடிவு தெரியாமல் அதை வாங்க வேண்டாம்.

எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இரண்டு தரிப்பிடம் முன்னால் இறங்கி விரைவாக நடந்தாலும் நாளுக்கு அரை மணித்தியாலத்தை எட்டலாம். மதுவும் புகையும் இருந்தால் அவற்றையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அதே கருவியில், அதே கையில், அதே 7 நாள் முறையில் மீண்டும் அளந்து, இரண்டு கொப்பிகளையும் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். சராசரி 130/80க்குக் கீழே இறங்கியிருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை இதே வாரத்தைச் செய்தால் போதும். இறங்காமல் நின்றால், உங்கள் தந்தையின் வரலாற்றையும் சோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்து, குளிசையைப் பற்றி அன்றைக்கு அவருடன் பேசுங்கள். இடையில் எப்போதாவது 180/120 காட்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ, கை கால் மரத்தலோ, பேச்சுக் குழறலோ சேர்ந்தால் திரும்பவும் அளந்துகொண்டிருக்காமல் 1990ஐ அழையுங்கள்.