மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயப்போட்டால் முடை வாடை அடிக்கிறது, ஹால் முழுக்கத் துணியாகவே தொங்குகிறது. என்ன செய்யலாம்?

ஹாலை விட்டுவிட்டு, வீட்டிலேயே சின்ன அறை ஒன்றைத் துணிக்கென்று ஒதுக்குங்கள். அதில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னலாவது வேண்டும். நான் குளியலறையில்தான் போடுகிறேன். அறை சின்னதாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று சீக்கிரம் வெளியேறிவிடும். துணி காய்வதற்கு அதுதான் முக்கியம்.

ஒரு கணக்கு பாருங்கள். காய்ந்த நிலையில் 4 கிலோ இருக்கும் துணி, மெஷினில் நன்றாகப் பிழிந்த பிறகும் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள அறையின் காற்று, 27 டிகிரி வெப்பத்தில் மொத்தமாகவே முக்கால் லிட்டர் அளவு ஈரத்தைத்தான் தாங்கும். மழைநாளில் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சம் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீருக்கான இடம்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு சீலிங் ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அதே ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். காலையில் போட்ட துணி சாயங்காலமும் பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான்.

'வெளியே மழை பெய்கிறதே, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா' என்று பலர் கேட்கிறார்கள். சாரல் அடிக்காத வரை திறந்து வைக்கலாம். துணி தொங்கும் அறையின் காற்று பெரும்பாலும் வெளிக்காற்றைவிட ஈரமாகத்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவில் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். வீட்டுக் காற்று அந்த வழியாக உள்ளே வந்து, துணியைத் தொட்டு, வெளியே போய்விடும். ஹாலுக்கு ஈரம் பரவாது. எக்ஸாஸ்ட் இல்லையென்றால் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஏசியை டிரை மோடில் போடுவதாக இருந்தால் மட்டும் இதற்கு நேர்மாறாக, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும்.

காயப்போடும் முன் துணியை எடுத்து உதறி, இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போடுங்கள். கையால் துவைப்பவர்கள் காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி எடுக்கலாம். இப்படிப் போகும் தண்ணீர் காற்றில் ஏற வேண்டியதே இல்லை.

ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, இடுப்புப் பகுதி வட்டமாக விரிந்திருக்கும்படி நான்கு கிளிப்பில் மாட்டுங்கள். காற்று கால் வழியாக உள்ளே போய் வரும். சட்டைக்குப் பட்டனைக் கழற்றி, காலரைத் தூக்கிவிட்டு ஹேங்கரில் போடுங்கள். ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கை நுழைய வேண்டும். இன்னொரு ஃபேன் இருந்தால் தரையில் வைத்து, அந்த இடைவெளிகளை நோக்கித் திருப்பிவிடுங்கள். ஜீன்ஸையும் துண்டுகளையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள். தினமும் கொஞ்சம் துவைப்பவருக்கு ஹாலில் கொடி கட்டும் தேவையே வராது.

இனி வாடை. அதற்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். துணி காய்ந்தாலும் அது சாகாது, ஈரம் பட்டதும் மறுபடி பெருகும். அதனால் துணி எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்தாறு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும் என்பது என் அளவுகோல். மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிடுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க இடுப்புப் பட்டி, பாக்கெட்டின் உள்பக்கம், அக்குள் தையல் ஆகிய இடங்களைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த இடங்களில் மட்டும் இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகு மடியுங்கள்.

காய்ந்தபோது வாடையில்லாத துண்டு, குளித்துத் துடைத்ததும் நாறினால் கிருமி உள்ளேயே தங்கிவிட்டது. இதற்கு வாசனை திரவம் உதவாது. கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும். அதில் ஆக்சிஜன் பிளீச்சை பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டு, அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டு வழக்கம்போல் துவையுங்கள். சாயம் போகாத பருத்திக்கு மட்டும்தான் இது. பட்டு, கம்பளிக்கு வேண்டாம். துண்டுகளுக்கு ஃபேப்ரிக் சாஃப்ட்னரையும் நிறுத்திவிடுங்கள். அது இழையில் படிந்து, ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

எல்லாம் செய்தும் அறையின் கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, சுவர் மூலையில் கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, அந்த அறை தாங்காத அளவு துணி போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.