லே போனால் எத்தனை நாள் ஓய்வு?

"டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கில் இருக்கிற லே போறோம், அப்பா அம்மாவும் வர்றாங்க, 7 நாள்தான். பாங்காங் ஏரிக்கு எந்த நாள் போகலாம்?"

ஆறாம் நாள். லே 3,500 மீட்டர், விமானம் ஒரே மூச்சில் அங்கே இறக்கிவிடுவதால் முதல் இரண்டு நாள் ஊரை விட்டு நகராதீர்கள், வந்த அன்று அறையிலேயே கிடந்தாலும் சரி. மூன்றாம் நாள் தாழ்வான ஆல்ச்சி பக்கம், அப்புறம் இரண்டு இரவு நுப்ரா பள்ளத்தாக்கு. வழியில் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல்தான், ஆனால் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடுவீர்கள். எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே முக்கியம், நுப்ராவில் தங்கும் ஹுண்டர் கிராமம் லேயை விடத் தாழ்வு. பாங்காங் 4,200க்கு மேல், ஓர் இரவு போதும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ, நடுராத்திரியானாலும் உடனே கீழே இறக்குங்கள். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பெற்றோரின் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.