டெஸ்ட் டிரைவில் தொடுதிரையைச் சோதிப்பது

"சனிக்கிழமை காட்பாடியில் டெஸ்ட் டிரைவ். பெரிய தொடுதிரை வைத்த கார். ஆறேழு வருடம் ஒழுங்காக ஓடுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

காலையில் போகாதீர்கள் சார், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். வேலூர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில்தான் திரையின் குணம் தெரியும்.

விற்பனையாளரின் கைபேசி ஏற்கெனவே இணைந்திருக்கும். அதைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு உங்களுடையதை இணையுங்கள். பிறகு காரை அணைத்து, இறங்கிக் கதவைப் பூட்டி, ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்புங்கள். நீங்கள் எதையும் தொடாமலே கைபேசி இணைய வேண்டும். தினமும் படுத்துவது இந்த இடம்தான். அடுத்து, வரைபடமும் பாட்டும் ஓடும்போது ரிவர்ஸ் கியர் போடுங்கள். கேமரா படம் தாமதமாக வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். புதிதிலேயே திணறும் திரை, வருடங்கள் போகப் போக இன்னும் திணறும்.

குரல் கட்டளையை ஷோரூமுக்குள் சோதித்துப் பயனில்லை. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் இரைச்சலில், ஏசி விசிறியை முழு வேகத்தில் வைத்து, "சத்துவாச்சாரி" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அது வேறு ஏதோ மாநிலத்து ஊரைக் காட்டியது!

என் காருக்கு ஆறு வயது. திரையின் கீழ் ஓரம் இப்போது விரலை உணர்வதில்லை. ஏசிப் பொத்தான்கள் அங்கேதான் இருக்கின்றன. ஏசிக்கும் ஒலிக்கும் தனிக் குமிழ் இல்லாத காரை இனி வாங்க மாட்டேன்.