வைரஸ் புகுந்த பிறகு பாஸ்வேர்டுகளை எங்கிருந்து, எந்த வரிசையில் மாற்றுவது?

கேள்வி: கிராக் சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்ததிலிருந்து என் கம்ப்யூட்டர் மேல் சந்தேகம். எல்லாப் பாஸ்வேர்டும் குரோமில்தான் சேமித்திருக்கிறேன். எதை முதலில் மாற்றுவது?

பதில்: பணம் ஏற்கெனவே போயிருந்தால் இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் போன் போடுங்கள். போகவில்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டித்துவிட்டுப் போனை எடுங்கள். கண்ட இடத்திலிருந்து ஏபிகே எதையும் இறக்காத போனாக இருக்க வேண்டும்.

என் சித்தி மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை இறக்கினான். மறுநாள் அவன் இன்ஸ்டாகிராமில் கிரிப்டோ விளம்பரம். பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றினான். சாயங்காலமே மறுபடி விளம்பரம். அப்புறம் போனில் மாற்றினான், அதுவும் நிற்கவில்லை. போனில் குரோம் "சேமிக்கவா?" என்று கேட்க, இவன் சரி என்று தட்டியிருக்கிறான். இரண்டிலும் ஒரே கூகுள் கணக்கு, சிங்க் ஆன். புதுப் பாஸ்வேர்டு நேராகக் கம்ப்யூட்டருக்கே போய்ச் சேர்ந்தது.

அதனால் பாஸ்வேர்டுக்கு முன்னால் வெளியேற்றம். போனில் myaccount.google.com போய், Your devices பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரையும் தெரியாத மற்றவற்றையும் Sign out செய்யுங்கள். இந்த வகை வைரஸ், நீங்கள் லாகின் ஆகியிருப்பதை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் குக்கீயையும் சேர்த்தே அள்ளும். அது கையில் இருந்தால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வெளியேற்றினால் அந்தக் குக்கீ செல்லாக்காசாகும்.

அடுத்து ஜிமெயில் பாஸ்வேர்டு. மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும் என்பதால் அதுவே முதல். கையோடு ரெக்கவரி மெயிலையும் பாருங்கள். தம்பியுடையது காலேஜ் காலத்துப் பழைய மெயில். அதன் பாஸ்வேர்டும் குரோமில்தான் இருந்தது. முன்வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதை. அதை நீக்கிவிட்டு, பேக்கப் கோடுகளையும் புதிதாக எடுத்தோம்.

பலர் தவறவிடுவது ஃபில்டர். ஜிமெயிலின் மொபைல் ஆப்பில் இது கண்ணில் படாது. நம்பகமான வேறொரு கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோவில் திறந்து, Settings-இல் Filters, Forwarding இரண்டையும் பாருங்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து வரும் மெயிலையெல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்று தம்பி கணக்கில் உட்கார்ந்திருந்தது. எச்சரிக்கை மெயில் ஒன்றுகூட அவன் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான்.

மெயில் உறுதியான பிறகு வங்கி. கார்டு எண்ணை பிரவுசரில் சேமித்திருந்தால் பிளாக் செய்து புதுக் கார்டு கேளுங்கள். இன்ஸ்டாகிராம் போன்றவை அதற்கப்புறம். அங்கேயும் எல்லா லாகினையும் வெளியேற்றிவிட்டே பாஸ்வேர்டு. மிச்சத்தை ஒரு வாரத்தில் மெதுவாக முடிக்கலாம்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். டிரைவை முழுசாக அழித்து விண்டோஸை மறுபடி போட்டோம். போட்டோக்களை பேக்கப்பிலிருந்து திரும்ப எடுக்கும்போது பார்த்தால், Downloads ஃபோல்டரோடு அந்தக் கிராக்கின் ஜிப்பும் பத்திரமாகக் கூடவே வந்திருந்தது.