முற்றுகையைக் கைவிட்டது ஏன்? ஒரு நிகழ்ச்சி, இரண்டு விவரிப்புகள், இரண்டு பாடவேளைகள்

கேள்வி: கடலூரில் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி முரண்படும் இரண்டு விவரிப்புகளைக் கொடுத்து, சான்றுகளை ஆராயக் கற்றுத் தர ஆசை. போன முறை செய்தபோது, "இவர் நம் பக்கம் பேசுகிறார், அவர் பொய் சொல்கிறார்" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எந்த நிகழ்ச்சியை எடுப்பது, பாடத்தை எப்படி அமைப்பது?

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே அருமையான நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. சென்னையை 1746-இலேயே பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டதால், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான் அப்போது ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். படை கிளம்பியதும் தோல்வியோடு திரும்பியதும் அங்கேதான். வழியில் உள்ள அரியாங்குப்பத்தை உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். கர்நாடகப் போர்களை எட்டாம் வகுப்பில் படித்தும் வந்திருக்கிறார்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "யார் வென்றார்கள்" என்று கேட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும், அதன் பிறகு சான்றை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. ஏன் போனார்கள் என்பதில்தான் சண்டை. ஆகவே கரும்பலகையில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 1748 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரி முற்றுகையைக் கைவிட்டது ஏன்?

ஆளுக்கு இரண்டு அட்டைகள் போதும். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வரிகளுக்கு மேல் வேண்டாம்.

முதல் அட்டை ஆங்கிலத் தரப்பு. ராபர்ட் ஓர்ம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், முற்றுகையின்போது புதுச்சேரியில் இல்லாதவர். அவருடைய வரலாற்று நூல் 1763-இல் வெளிவந்தது. அதன் சாரம் இது: கடற்படைத் தலைவர் பாஸ்கவன் அரியாங்குப்பம் கோட்டையைப் பிடிப்பதிலேயே நாட்களை வீணாக்கினார். பதுங்குகுழிகளை மதிலுக்கு வெகு தொலைவில் தொடங்கினார். ஆழம் போதாததால் கப்பல்களால் கரையை நெருங்கிச் சுட முடியவில்லை. பாசறையில் நோய் பரவியது. பருவமழை நெருங்கியது. போர் ஆலோசனை கூட்டி முற்றுகையைக் கைவிட்டார்கள். போரிலும் நோயிலுமாக ஐரோப்பியர் 1065 பேர் இறந்தார்கள்.

இரண்டாம் அட்டை பிரெஞ்சுத் தரப்பு. முற்றுகை முடிந்ததும் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே நவாப்புகளுக்கும் பிற அரசர்களுக்கும் மொகலாய அவைக்கும் கடிதங்கள் எழுதினார். இந்தியாவில் அதுவரை காணாத பெரும்படை ஒன்றைத் தாம் முறியடித்துத் துரத்தியதாகத் தெரிவித்தார். மழையும் நோயும் அந்த வெற்றிச் செய்தியில் காரணங்களாக இல்லை.

இவை நீங்கள் தமிழில் எழுதிய சுருக்கங்கள் என்பதை அட்டையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். சுருக்கத்தை வைத்துக்கொண்டு "ஆசிரியர் ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்" என்று கேட்கக் கூடாது; அந்தச் சொல் உங்களுடையது. சொல்லாராய்ச்சி செய்ய விரும்பினால் மூலத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துத் தர வேண்டும். இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை.

முதல் பாடவேளையில் அட்டைகளைப் பெயர் இல்லாமல் கொடுங்கள். யார் எழுதியது என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் கட்சி சேர்வதுதான் போன முறை உங்களுக்கு நடந்தது. பெயர் தெரியாதபோது வாக்கியங்களைத்தான் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகும் செய்திகள், ஒன்றில் மட்டும் உள்ளவை, நேருக்கு நேர் மோதுபவை என்று மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதட்டும். பதினைந்து நிமிடம் விடுங்கள். நேருக்கு நேர் மோதுவது மிகக் குறைவு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். துரத்தினோம் என்பதும் கைவிட்டோம் என்பதும் மட்டுமே மோதுகின்றன. மற்றதெல்லாம் ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாமல் விட்டவை. மௌனத்தை மறுப்பாக எண்ணுவது இந்த வயதில் மிகச் சாதாரணமான பிழை, அதை இங்கேயே பிடித்துவிடலாம்.

பிறகு பெயர்களைச் சொல்லுங்கள். ஓர்ம் ஆங்கிலேயர். அப்படியிருந்தும் ஆங்கிலப் படையின் தவறுகளை அடுக்குகிறார். தன் தரப்புக்கு இழுக்கான செய்தியை ஒருவர் தாமே சொன்னால் அதற்கு எடை அதிகம் என்பதைப் பிள்ளைகள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பாஸ்கவன் அரசரின் கடற்படையைச் சேர்ந்தவர். ஓர்ம் கம்பெனியின் ஆள். "கம்பெனிக்காரர் கடற்படைத் தலைவரைக் குறை சொன்னால் அது தன் தரப்பைக் குறை சொல்வதாகுமா?" என்று கேளுங்கள். வகுப்பு சற்றுநேரம் அமைதியாகும். அந்த அமைதிக்கு இடம் கொடுங்கள், பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம்.

டூப்ளேயின் கடிதத்திலும் இதே வேலை. யாருக்கு எழுதினார்? யார் பக்கம் சேர்வது என்று பார்த்துக்கொண்டிருந்த அரசர்களுக்கு. மழை காப்பாற்றியது என்று அவர்களுக்கு எழுதுவாரா? "அப்படியானால் இந்தக் கடிதம் பயனற்றது" என்று ஒரு மாணவர் கட்டாயம் சொல்வார். அதற்காகவே காத்திருங்கள். ஆங்கிலேயர் ஏன் போனார்கள் என்பதற்கு இக்கடிதம் பலவீனமான சான்று. தன் வெற்றியை இந்திய அரசர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று டூப்ளே விரும்பினார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சான்றின் மதிப்பு என்பதை இந்த ஒரு கடிதத்தை வைத்தே காட்டிவிடலாம்.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. அதைத் தேதியில் வைத்திருக்கிறேன்.

ஆங்கில விவரிப்பின்படி படை திரும்பத் தொடங்கியது அக்டோபர் 6. பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 17. இரண்டு தேதிகளையும் பலகையில் எழுதிவிட்டு, மழைக்குப் பயந்து போனதாகச் சொல்வது நம்பத்தக்கதா என்று கேளுங்கள். கடலூர்ப் பிள்ளைகளுக்கு வடகிழக்குப் பருவமழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அக்டோபர் 6 என்றால் புரட்டாசி, அதற்குள் என்ன மழை, இது சாக்கு என்பார்கள். 17 என்றால் ஐப்பசி பிறந்துவிட்டது, அடைமழைக் காலம், காரணம் சரிதான் என்பார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி இருப்பதால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றும் சிலர் முடிவு கட்டுவார்கள்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். பிரெஞ்சுக்காரர் அதற்கு வெகு காலம் முன்பே புதியதற்கு மாறிவிட்டார்கள். இடைவெளி 11 நாள். 6-உடன் 11-ஐக் கூட்டச் சொல்லுங்கள். முரண்பாடாகத் தோன்றியது ஒரே நாளாக மாறுவதை அவர்கள் கைகளாலேயே செய்து பார்ப்பார்கள். நம் இன்றைய நாட்காட்டிக்கு ஒத்தது 17 என்பதால், மழை என்ற காரணம் வலுவடைகிறது. இங்கே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அறிமுகப்படுத்துங்கள். டூப்ளேயின் துபாஷியான அவர் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், நாளையும் சேர்த்து எழுதியவர். அந்த விபவ ஆண்டின் பக்கங்களைப் பார்த்தால் எந்த நாட்காட்டி என்ற குழப்பம் நமக்கு வராது. அவர் டூப்ளேயின் ஆள், ஆனால் முற்றுகை நடந்தபோதே மதிலுக்குள் இருந்து நாள்தோறும் எழுதியவர். ஓர்முக்கும் டூப்ளேக்கும் நடுவில் அவரை எங்கே வைப்பது என்பது வீட்டுப்பாடத்துக்கு ஏற்ற கேள்வி.

மழை என்ற காரணத்தைச் சோதிக்க, வெளியிலிருந்தும் ஒரு செய்தி தாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1746 அக்டோபர் 13 இரவு, சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. 1748-இல் அதே பருவத்தில் திறந்த கடலில் கப்பல்களை நிறுத்தியிருந்த தளபதிக்கு அது நினைவில் இருந்திருக்கும் என்று மாணவர்கள் ஊகிக்கலாம். அது ஊகம் என்பதையும் அவர்கள் எழுத வேண்டும்.

இந்தப் பாடத்தில் மூன்று இடங்களில் சறுக்கல் வரும். ஒன்று 1065 என்ற எண். எண்ணைக் கண்டதும் "நோய்தான் காரணம், நிரூபணமாகிவிட்டது" என்பார்கள். வாக்கியத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். போரிலும் நோயிலும் இறந்தவர்கள் சேர்ந்துதான் அந்த எண். நோயில் எத்தனை பேர் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. பெரிய இழப்பு என்பதற்கு அது சான்று, நோயே முடிவுசெய்தது என்பதற்கு அல்ல.

இன்னொன்று பாடநூலிலிருந்து வரும். முதல் கர்நாடகப் போர் 1748-இல் அய்-லா-சப்பேல் உடன்படிக்கையோடு முடிந்தது என்று படித்தவர்கள், அதனால்தான் முற்றுகை நின்றது என்று எழுதுவார்கள். உடன்படிக்கை கையெழுத்தானது அக்டோபர் 18. படை திரும்பத் தொடங்கியதற்கு அடுத்த நாள்! ஐரோப்பாவிலிருந்து கப்பலில் செய்தி வர மாதக்கணக்கில் ஆகும். கால வரிசையை மட்டும் வைத்தே ஒரு காரணத்தைத் தள்ளிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, நல்ல மாணவர்களிடமே அதிகம் காண்பது: "இருவர் சொல்வதிலும் பாதி உண்மை." இது நடுநிலை போலத் தோன்றும், ஆனால் எந்தச் சான்றையும் எடை போடாமல் தப்பிக்கும் வழி. எந்தப் பாதி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். பதில் வந்தால் சரி, வராவிட்டால் அட்டைக்குத் திரும்ப வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நான்கு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: தன் முடிவு, அதற்கு வலுவான சான்று, அந்தச் சான்றின் குறை, முடிவை மாற்றக்கூடிய வேறு சான்று எது. மதிப்பெண்ணை முதல் வாக்கியத்துக்குக் கொடுக்காதீர்கள். மதில் உறுதியாக நின்றதால் நாட்கள் கடந்தன, நாட்கள் கடந்ததால் மழை வந்தது, ஆகவே டூப்ளே சொன்னதிலும் பொருள் உண்டு என்று எழுதும் மாணவரும், தொடக்கத்தில் இழந்த நாட்களே தோல்விக்கு வித்திட்டன என்று எழுதும் மாணவரும் முழு மதிப்பெண் பெறலாம். மூன்றாம் வாக்கியத்தைப் பாருங்கள். "ஓர்ம் ஆங்கிலேயர் என்பதால் நம்ப முடியாது" என்று இருந்தால் பாடம் இன்னும் சேரவில்லை. "ஓர்ம் அங்கே இல்லை, 15 ஆண்டு கழித்து வந்த நூல், கடற்படைத் தலைவரைக் குறை சொல்ல அவருக்குக் காரணம் இருந்திருக்கலாம்" என்று இருந்தால் சேர்ந்துவிட்டது. மூன்றாம் வாக்கியம் தடுமாறும் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் டூப்ளேயின் அட்டையை மட்டும் திரும்பக் கொடுத்து, "இந்தக் கடிதம் எந்தக் கேள்விக்கு நல்ல சான்று, எந்தக் கேள்விக்கு மோசமான சான்று" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.