துருப்பை எப்போது இழுப்பது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் சில நண்பர்கள் ஞாயிறுதோறும் பிரிட்ஜ் ஆடுகிறோம். சென்ற வாரம் ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆடினோம். நான் தெற்கு, ஒப்பந்தம் 4 இஸ்பேடு, அதாவது இஸ்பேடைத் துருப்பாக வைத்து 10 பிடி எடுக்க வேண்டும். என் கையும், டம்மியாக மேசையில் விரித்து வைத்த என் கூட்டாளியின் கையும் இவை:

டம்மி (வடக்கு): இஸ்பேடு 8 6 4, ஆர்ட்டின் 9 5, டைமன் ஏஸ், ராஜா, 7 4, கிளாவர் 9 7 5 3.
நான் (தெற்கு): இஸ்பேடு ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10, ஆர்ட்டின் ஏஸ், 7 3, டைமன் 9 5, கிளாவர் ஏஸ், 6 2.

மேற்கு கிளாவர் ராஜாவை இறக்கினார். ஏஸால் பிடித்து, முதலில் எதிராளிகளிடமுள்ள துருப்பை இழுக்க வேண்டும் என்று கற்றபடி மூன்று முறை இஸ்பேடு ஆடினேன். பிறகு டைமன் ஏஸ், ராஜா ஆடி, மூன்றாவது டைமனை என் கையில் வெட்டினேன். இருந்தும் 9 பிடிதான் வந்தது. அடுத்த மேசையில் ஆடியவர் ஒரே ஒரு முறை துருப்பை இழுத்துவிட்டு ஆர்ட்டின் ஆடி 10 பிடி எடுத்தார். அவருக்கு அதிர்ஷ்டமா, எனக்குத் தவறா? நான் வெட்டி எடுத்த பிடி எங்கே போயிற்று?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் கையில் இருந்த ஐந்து இஸ்பேடும் பெரியவை. துருப்பை இழுத்தாலும் சரி, எதையாவது வெட்டினாலும் சரி, அவை ஐந்தும் ஐந்து பிடிகளைத் தந்தே தீரும். டைமனை வெட்டியபோது அந்த ஐந்தில் ஒன்றைத்தான் செலவழித்தீர்கள். புதிதாக எதுவும் வரவில்லை, வர இருந்த பிடி வேறு வேடத்தில் வந்தது, அவ்வளவே. டம்மியின் 8, 6, 4 அப்படியல்ல. உங்கள் ஏஸின் மீதும் ராஜாவின் மீதும் விழுந்து மறைந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் அவற்றில் ஒன்று ஓர் ஆர்ட்டினை வெட்டினால், அது உங்கள் ஐந்துக்கு மேலான ஆறாவது துருப்புப் பிடி. துருப்பு குறைவாக உள்ள கையில் வெட்டுவதே பிடியைக் கூட்டும்; நீளமான கையில் வெட்டுவது பெரும்பாலும் கூட்டாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். இஸ்பேடு 5, டைமன் 2, ஆர்ட்டின் 1, கிளாவர் 1, ஆக 9. பத்தாவது எங்கிருந்து வரும் என்ற கேள்வியை, முதல் பிடிக்கு டம்மியிலிருந்து கிளாவர் 3-ஐ எடுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கிளாவரில் வழியில்லை. டைமனில் நான்கு சீட்டுகள் இருந்தாலும், எதிராளிகளிடம் ஏழு இருப்பதால் அவை 4-3 என்று பிரிந்தால்கூட நான்காவது சுற்றை அவர்களே பிடிப்பார்கள். எஞ்சுவது ஆர்ட்டின்: டம்மியில் இரண்டு, உங்களிடம் மூன்று. அந்த மூன்றாவது ஆர்ட்டினை டம்மி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அதைச் செய்ய வேண்டிய மூன்று சிறு துருப்புகளையும் நீங்கள் உங்கள் கையாலேயே இழுத்து எறிந்துவிட்டீர்கள். எனவே தவறு உங்களுடையதுதான். ஆனால் அது பிரிட்ஜ் ஆடுபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்த தவறு.

அடுத்த மேசை நண்பரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். தருமபுரிப் பக்கம் பங்குனியில் புளி தட்டாத வீடு குறைவு. எங்கள் திண்ணையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. புதிதாக ஆடக் கற்பவர்களுக்கு, டம்மியில் எத்தனை துருப்பு உண்டோ அத்தனை கொட்டைகளை மேசையில் வைக்கச் சொல்வேன். உங்கள் ஆட்டத்துக்கு மூன்று. வெட்ட வேண்டியது ஒரு முறை என்பதால், ஒரு கொட்டையை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். அது தொடக்கூடாத கைமுதல். அடுத்து, வெட்டுவதற்கு முன் ஆட்டம் எதிராளி கைக்கு எத்தனை முறை போகும் என்று பாருங்கள். ஆர்ட்டின் ஏஸை எடுத்த பிறகு இன்னோர் ஆர்ட்டினைத் தோற்றால்தான் டம்மியில் ஆர்ட்டின் தீரும். ஆகவே ஒரு முறை. விவரம் தெரிந்த எதிராளி அந்த ஒரு முறையில் துருப்பைத்தான் இறக்குவார், அது டம்மியிலிருந்து ஒன்றைப் பிடுங்கும். இரண்டாவது கொட்டையும் போயிற்று. மிஞ்சுவது ஒரே ஒரு கொட்டை. அது மட்டுமே நீங்களாகத் துருப்பு இழுப்பதற்கு உங்களுக்கு உள்ள இடம்.

ஆகவே ஒரு முறை இழுத்துவிட்டு ஆர்ட்டினுக்குப் போனது அதிர்ஷ்டம் அல்ல, கணக்குக்குள் அடங்கிய ஆட்டம். அவர் இரண்டு முறை இழுத்திருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். வெளியே ஐந்து துருப்புகள் 3-2 என்று பிரிந்திருந்தால், இரண்டு சுற்றுக்குப் பின் ஒரு எதிராளியிடம் மட்டும் ஒன்று இருக்கும். ஆர்ட்டினை அவர் பிடித்தால் அதை இறக்கி டம்மியின் கடைசி இஸ்பேடை உருவிவிடுவார், துருப்பு தீர்ந்த மற்றவர் பிடித்தால் நீங்கள் பிழைப்பீர்கள். யார் பிடிப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

நான் ஆடியிருந்தால் அந்த ஒரு சுற்றையும் இழுத்திருக்க மாட்டேன், ஏனென்றால் இழுப்பதால் வரும் லாபம் எதுவும் இல்லை, கொட்டை குறைவதுதான் மிச்சம். கிளாவர் ஏஸால் பிடித்தவுடன் ஆர்ட்டின் ஏஸ், அடுத்து ஆர்ட்டின் 3. இதைக் கிழக்கு பிடித்து இஸ்பேடு 2-ஐ இறக்குகிறார் என்று கொள்வோம். என் கையில் ஜாக்கியால் பிடிக்கிறேன். மேற்கு 5 போடுகிறார், டம்மி 4 போடுகிறது. இப்போது ஆர்ட்டின் 7-ஐ இறக்கி டம்மியில் வெட்ட வேண்டும். எதைக் கொண்டு வெட்டுவது என்று யோசிக்காமல் கை தானாக 6-க்குப் போகும்; 8-ஐக் கொண்டு வெட்டுங்கள். கிழக்கு உங்கள் டம்மிக்குப் பின் ஆடுபவர். அவரிடம் ஆர்ட்டின் இரண்டே இருந்து இஸ்பேடு 7 இருந்தால், 6 மேல்வெட்டுப் பட்டுவிடும், 8 தப்பிவிடும். 9 இருந்தால் எதைப் போட்டாலும் மேல்வெட்டுதான். அதற்கு மருந்து இல்லை. ஆர்ட்டின் 4-4 அல்லது 5-3 என்று பிரிந்திருந்தால் மூன்றாம் சுற்றுக்கு இருவருமே ஆர்ட்டின் போட வேண்டியிருக்கும் என்பதால் இந்தக் கவலையே எழாது.

வெட்டியபின் டம்மியில் இருப்பது 6 ஒன்றுதான். அதை இறக்கி என் கைக்கு ஏஸில் வருகிறேன், ராஜாவை இறக்கி மிச்சத் துருப்பை இழுக்கிறேன். துருப்பை இழுக்கும் வேலையை நான் விட்டுவிடவில்லை, வெட்டு முடிந்த பிறகு செய்தேன் என்பதைக் கவனியுங்கள். இப்போது டைமன் ஏஸும் ராஜாவும் அச்சமின்றி வரும், என் கையில் இரண்டு இஸ்பேடுகள் மிச்சம் இருக்கும். பிடிகளைக் கூட்டுங்கள்: கிளாவர் ஏஸ், ஆர்ட்டின் ஏஸ், டைமன் இரண்டு, என் இஸ்பேடு ஐந்து, டம்மியின் 8. மொத்தம் 10. தோற்பது ஆர்ட்டின் ஒன்றும் கிளாவர் இரண்டும்.

மேற்கு முதலிலேயே கிளாவருக்குப் பதில் ஒரு சிறு இஸ்பேடை இறக்கியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மூன்று கொட்டைகளில் ஒன்றை அவரே எடுத்துவிட்டார். உங்களுக்கென்றிருந்த அந்த ஒரே இடம் முதல் பிடியிலேயே போயிற்று. இப்போது ஒரு சுற்றுகூட நீங்களாக இழுக்க முடியாது, உடனே ஆர்ட்டின் ஏஸும் இன்னோர் ஆர்ட்டினும் ஆட வேண்டும். அடுத்த மேசைக்காரர் அந்த நிலையிலும் பழக்கத்தால் ஒரு முறை இழுத்திருந்தால், அதிர்ஷ்டம் கைகொடுக்காவிட்டால் அவரும் 9-இல்தான் நின்றிருப்பார். முதல் இறக்காகத் துருப்பே வந்தால், உங்களை வெட்ட விடாமல் தடுக்கத்தான் எதிராளி அதை இறக்கினார் என்று சந்தேகப்படுவது நல்லது.

இத்தனையும் படித்துவிட்டு, இனி துருப்பையே தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். துருப்பை இழுக்காததால் லண்டன் தெருக்களில் நிற்பவர்கள் பலர் என்று ஆங்கிலேயர்கள் ஒரு பழைய சொலவடை வைத்திருக்கிறார்கள். நான் நின்றது தருமபுரியில் எங்கள் சொந்தத் திண்ணையில்தான். உங்களுடையதைப் போன்றதே அந்தக் கையும், ஆனால் டம்மியில் ஆர்ட்டின் ராஜா, 9 5 என்று மூன்றும், கிளாவர் 9 7 3 என்று மூன்றும் இருந்தன. எண்ணிப் பாருங்கள்: இஸ்பேடு 5, ஆர்ட்டின் 2, டைமன் 2, கிளாவர் 1, பத்தும் தயாராக இருந்தன. டம்மியில் வெட்டக்கூடியது எதுவும் இல்லை, எனவே ஒதுக்கி வைக்க வேண்டிய கொட்டையும் இல்லை. நானோ, உங்களைப் போலவே கையில் ஒரு டைமனை வெட்டினால் லாபம் என்று நினைத்து, கிளாவர் ஏஸுக்குப் பின் டைமன் ஏஸை ஆடி, உடனே ராஜாவையும் போட்டேன். கிழக்கில் அமர்ந்திருந்தவரிடம் டைமன் ஒன்றுதான். அவர் இஸ்பேடு 2-ஐ எடுத்து என் ராஜாவின் மேல், ஓசைப்படாமல், கொஞ்சம் கூச்சத்தோடுகூட வைத்தார். ஒரு டைமன், ஓர் ஆர்ட்டின், இரண்டு கிளாவர் என்று நான்கு தோற்று, தோற்கவே முடியாத ஒப்பந்தத்தில் ஒன்று குறைந்தேன். மூன்று முறை இஸ்பேடு ஆடியிருந்தால் அந்த 2 எப்போதோ விழுந்திருக்கும்.

இரண்டு கைகளுக்கும் இடையில் வித்தியாசம் டம்மியின் ஆர்ட்டினில்தான்: இரண்டு சீட்டு இருந்தபோது வெட்டு வேண்டியிருந்தது, ராஜாவோடு மூன்று இருந்தபோது வேண்டியிருக்கவில்லை. டம்மி மேசையில் விரிந்ததும் முதலில் பிடிகளை எண்ணி, குறைந்தால் மட்டும் டம்மியில் சீட்டு குறைவாக உள்ள ஜாதியைத் தேடுங்கள். டம்மியில் ஆர்ட்டின் ஒன்றே இருந்தால், ஏஸை எடுத்தவுடனேயே வெட்டலாம். எதிராளி கைக்கு ஆட்டமே போகாது, அதனால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஒரு கொட்டை கூடும்.

எதிர்ப்பக்கம் அமரும்போது இதையே திருப்பிப் பயன்படுத்துங்கள். டம்மியில் சிறு துருப்புகள் மூன்றும் ஏதேனும் ஒரு ஜாதியில் இரண்டே சீட்டும் தெரிந்து, ஆடுபவர் துருப்பைத் தொடாமல் அந்த இரண்டு சீட்டு ஜாதியையே ஆடிக்கொண்டிருந்தால், ஆட்டம் உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் துருப்பை இறக்குங்கள். உங்கள் மேசையில் மேற்கும் கிழக்கும் அதைச் செய்ய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர்களுடைய வேலையை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள்.