நோ காஸ்ட் இஎம்ஐ: கட்டாமல் விட்ட 372 ரூபாய்

"ஐயா, இந்திராநகர் கடை ஒன்றில் 60,000 ரூபாய் போன் வாங்கினேன். நோ காஸ்ட் இஎம்ஐ, ஆறு மாதம், மாதம் சரியாக 10,000, ஒரு பைசா கூட வராது என்று கடைப் பையன் அடித்துச் சொன்னான். முதல் ஸ்டேட்மென்டிலேயே ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீ என்று 372 ரூபாய் கூடுதல். கோபத்தில் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன். இப்போது மளிகைக்குத் தேய்த்த பணத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். இரவில் தூக்கமே இல்லை. வங்கி மேல் வழக்குப் போடலாமா?" (வாசகர், பெங்களூரு)

கடைப் பையன் வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள், அதை நிரூபிக்க முடியாது. போஸ் மெஷினில் வந்த சீட்டை எடுங்கள். கடன் தொகை, வட்டி விகிதம், மொத்த வட்டி, தவணை எல்லாம் அதில் இருக்கும், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தச் சீட்டை வைத்துத்தான். (வெளிறிப்போவதற்குள் படம் எடுத்துவையுங்கள்.)

ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் நோ காஸ்ட் இஎம்ஐயைத் தடை செய்யவில்லை. அசல், வட்டி, வட்டியை ஈடுகட்டத் தரும் தள்ளுபடி ஆகிய மூன்றையும் தவணையாக மாற்றுவதற்கு முன்பே பிரித்துக் காட்ட வேண்டும், ஸ்டேட்மென்டிலும் தனியாகக் காட்ட வேண்டும், வட்டியை மறைத்து நோ காஸ்ட் என்று விற்கக் கூடாது என்கின்றன. சீட்டில் காட்டியிருந்தால் வட்டியைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கணக்கை ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வங்கி கொடுத்த கடன் 60,000 அல்ல, சுமார் 57,297. மீதி 2,703 தள்ளுபடியாகப் போய், அதே தொகை வட்டியாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் தவணை சரியாக 10,000. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, கிரெடிட் கார்டு வட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. முதல் மாத வட்டி 764, அதற்கு ஜிஎஸ்டி 137. ப்ராசஸிங் ஃபீ 199, அதற்கு ஜிஎஸ்டி 36. இதுதான் உங்கள் 372. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 721 ரூபாய்.

இந்த 721 உங்களை ஒன்றும் செய்துவிடாது. 372ஐக் கட்டாமல் விட்டதுதான் ஆபத்து, என்னிடம் வந்த பலர் விழுந்ததும் அதில்தான். ஜிஎஸ்டியைத்தான் நிறுத்தினோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பொதுவாக வங்கி வரும் பணத்தை முதலில் வரி, தவணை, கட்டணம் ஆகியவற்றுக்கு வரவு வைக்கும், மற்றச் செலவுகள் கடைசி. ஆக, கணக்கில் பாக்கி நிற்பது ஜிஎஸ்டி அல்ல, உங்கள் மளிகை. வரிக்கும் கட்டணத்துக்கும் வட்டி போடக் கூடாது என்ற விதியைக் காட்டி வாதாடவும் அப்போது வழியில்லை.

போன மாத பில்லில் கொஞ்சம் பாக்கி இருந்தாலும் வட்டியில்லாக் காலம் நின்றுபோகும். அடுத்து தேய்க்கும் ஒவ்வொன்றுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால், 14,000 ரூபாய் மளிகைக்கு ஒரு மாதத்தில் 490, ஜிஎஸ்டியோடு 578. நிறுத்தியதைவிட அதிகம் போயாயிற்று. மாதாமாதம் கழித்துக் கட்டினால் மாதாமாதம் இதே கதை.

அல்சூரிலிருந்து ஒருவர் வந்தார். இப்படியே நானூற்றுச் சொச்சத்தைக் கட்டாமல் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். லேட் ஃபீயும் வட்டியும் ஏறி, வசூல்காரர் பாதி கட்டுங்கள் முடித்துவிடலாம் என்றதும் கட்டினார். கிரெடிட் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழுந்தது. வீட்டுக் கடனுக்குப் போனபோது அந்த ஒரு சொல்தான் குறுக்கே நின்றது. அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பாதித் தொகைக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழக்கு வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் புகாருக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் 721 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போடுவீர்கள்? கடைசித் தேதிக்கு முன் டோட்டல் ட்யூ முழுவதையும் கட்டுங்கள். ஸ்டேட்மென்ட் வந்த நாளிலிருந்து கட்டிய நாள் வரைக்கான சிறு வட்டி அடுத்த மாதமும் வரலாம், அதையும் கட்டுங்கள். அதுவரை இந்தக் கார்டை வேறெதற்கும் தேய்க்காதீர்கள்.

கட்டிய பிறகு வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். மளிகை வட்டியை ஒரு தடவைக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள், இதுவரை ஒழுங்காகக் கட்டியவருக்குப் பல நேரம் தருவார்கள். சீட்டிலோ செயலியிலோ ப்ராசஸிங் ஃபீயை முன்கூட்டிக் காட்டவில்லை என்றால் ஃபீயும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்த அந்த 235ஐயும் கேளுங்கள், அதில் உங்கள் பக்கம் வலுவானது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் போடுங்கள். செலவு கிடையாது, வக்கீலும் தேவையில்லை.